எதிராளியின் காயையும் நாமே நகர்த்தும் ஆட்டம்

சதுரங்கத்தில் ஒரு காயைப் பலி கொடுத்தால் எதிராளி யோசிப்பார். எடுத்தால் என்ன ஆகும், எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கன்னத்தில் கை வைத்துக் கணக்குப் போடுவார். வேண்டாம் என்று தோன்றினால் நாம் கொடுத்ததைத் தொடாமல் வேறு வேலை பார்ப்பார். டிராஃப்ட்ஸில் அந்த உரிமை கிடையாது. வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். எதிராளியின் காய் எங்கே போய் உட்கார வேண்டும் என்று நாம் தீர்மானித்து, அவர் கையாலேயே அதை அங்கே வைக்கச் செய்யலாம். இந்த ஆட்டத்தின் அழகான வலைகள் எல்லாம் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

அமெரிக்காவில் செக்கர்ஸ் என்று அழைக்கப்படுவதும் இதே ஆட்டம்தான். நட்சத்திர வடிவப் பலகையில் குண்டுகளை வைத்து ஆடும் சைனீஸ் செக்கர்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் சதுரங்கப் பலகையும், இரண்டு நிறத்தில் பன்னிரண்டு பன்னிரண்டு பொத்தான்களும் இருந்தால் போதும். கறுப்புக் கட்டங்களில் மட்டும்தான் ஆட்டம். சாதாரணக் காய் முன்னோக்கி, குறுக்காக ஒரு கட்டம் நகரும். பக்கத்தில் எதிராளியின் காய் நின்று, அதற்கு நேர் பின்னால் உள்ள கட்டம் காலியாக இருந்தால், அதைத் தாண்டிக் குதித்து வெட்டும். குதித்து இறங்கிய இடத்திலிருந்து மறுபடி வெட்ட முடிந்தால் அதே முறையில் தொடர்ந்து வெட்டியாக வேண்டும். கடைசி வரிசையைத் தொட்ட காய் ராஜாவாகிப் பின்னாலும் நகரத் தொடங்கும்.

ஆட்டத்தை எழுதிக் காட்டக் கட்டங்களுக்கு எண்கள் உண்டு. இடது கை மூலையில் கறுப்புக் கட்டம் வரும்படி பலகையை வைத்துக்கொள்ளுங்கள். கீழே வெள்ளை, மேலே கறுப்பு.

```
 .   1   .   2   .   3   .   4
 5   .   6   .   7   .   8   .
 .   9   .  10   .  11   .  12
13   .  14   .  15   .  16   .
 .  17   .  18   .  19   .  20
21   .  22   .  23   .  24   .
 .  25   .  26   .  27   .  28
29   .  30   .  31   .  32   .
```

முதலில் சின்னதாக ஒன்று. வெள்ளைக் காய்களை 24, 27, 32 ஆகிய கட்டங்களில் வையுங்கள். கறுப்பை 12, 14, 16 ஆகியவற்றில் வையுங்கள். ஆளுக்கு மூன்று. இப்போது வெள்ளையின் முறை.

வெள்ளை 24-இல் உள்ள காயை 19-க்கு நகர்த்துகிறது. அது 16-இல் நிற்கும் கறுப்பின் வாயிலேயே போய் நிற்கிறது. கறுப்புக்கு வேறு வழியில்லை. 19-ஐ வெட்டி 23-இல் வந்து இறங்குகிறது. அடுத்து 27-இல் உள்ள வெள்ளைக் காய் 23-ஐத் தாண்டி 18-இல் இறங்குகிறது. அங்கிருந்து 14-ஐத் தாண்டி 9-இல் போய் நிற்கிறது. ஒன்றைக் கொடுத்து இரண்டை எடுத்தாயிற்று. மிச்சம் வெள்ளைக்கு இரண்டு, கறுப்புக்கு ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது பலி கொடுத்த காய் செய்த வேலை. 27-இல் இருந்த காய்க்கும் 14-இல் இருந்த கறுப்புக்கும் நடுவே ஆறு தாண்ட ஒரு கல் குறைவாக இருந்தது. பலி கொடுத்த காய், 16-இல் இருந்த கறுப்பை இழுத்து வந்து அந்தக் கல்லாக 23-இல் போட்டது.

என் அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் பொத்தானிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்: “மாமா, எனக்குத்தான் தெரியுதே இது வலைன்னு. நான் வெட்டாம விட்டா?”

“விட முடியாதும்மா. அது ஆட்டமே இல்ல.”

“பாக்காத மாதிரி இருந்துட்டேன்னா?”

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்குப் பழைய காலத்தில் ஒரு தனி விதியே இருந்தது. வெட்ட வேண்டிய காய் வெட்டாமல் நின்றால், எதிராளி அந்தக் காயையே பலகையிலிருந்து எடுத்துவிடலாம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அதற்கு ‘ஊதிவிடுதல்’ என்று பொருள்படும் சொல்லே வழங்கியது. இன்றைய போட்டி விதிகளில் ஊதுவது கிடையாது. தவறான நகர்த்தலைத் திரும்ப வைத்து, வெட்டியே தீர வேண்டும். எனக்கு இந்த மாற்றம் சரியென்றே படுகிறது. ஊதும் விதியில் ஒரு காயை இழந்து வலையிலிருந்து நழுவிவிடலாம் என்ற பேரம் சாத்தியமாக இருந்தது. இப்போது வலை என்றால் வலைதான்.

அதே மூன்று காய் நிலையில் இன்னும் கொஞ்சம் நிற்போம். பலி கொடுப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை அது சுத்தமாகக் காட்டிக்கொடுக்கும்.

32-இல் ஒரு வெள்ளைக் காய் சும்மா நிற்பது போலத் தோன்றுகிறதே, அதை எடுத்துவிட்டு அதே ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். 24-இலிருந்து 19. கறுப்பு வெட்டி 23-இல் இறங்குகிறது. ஆனால் அங்கே நிற்கவில்லை. 27-ஐயும் தாண்டி, காலியாகக் கிடக்கும் 32-இல் குதித்து ராஜாவாகிவிடுகிறது. வெட்ட வேண்டிய நம் காயே போய்விட்டது. கடைசி வரிசைக் காய்களை அவசரப்பட்டு நகர்த்தாதே என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வதற்கு ராஜா ஆகவிடாமல் தடுப்பது மட்டும் காரணமில்லை. முன்னால் நிற்கும் காயின் முதுகை மூடி வைப்பதும் அவைதான்.

இப்போது 32-ஐத் திரும்ப வைத்து, கறுப்புக்கு 5-இல் ஒரு காய் கூடுதலாக வையுங்கள். நம் இரட்டை வெட்டு நடக்கிறது, காய் 9-இல் போய் நிற்கிறது. உடனே 5-இல் உள்ள கறுப்பு அதைத் தாண்டி 14-இல் இறங்குகிறது. 14 ஏன் காலி? அங்கிருந்த காயை நாமே வெட்டி எடுத்ததால். நாம் திறந்த கதவு வழியாகவே அடி வருகிறது. இரண்டை எடுத்து இரண்டைக் கொடுத்தாயிற்று, லாபம் பூஜ்யம். புதியவர்கள் தங்கள் வெட்டின் கடைசிக் குதியோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த எதிராளியின் நகர்த்தல் வரை எண்ணினால்தான் கணக்கு முடியும்.

மூன்றாவது சறுக்கல்தான் மிகவும் வலிக்கும். 5-இல் வைத்ததை எடுத்துவிட்டு, கறுப்புக்கு 15-இல் ஒரு காய் வையுங்கள். இப்போது வெள்ளை 19-க்கு வந்தால் அதை வெட்ட இரண்டு கறுப்புக் காய்களால் முடியும். ஆங்கில விதிப்படி எந்தக் காயால், எந்தப் பக்கம் வெட்டுவது என்பது வெட்டுபவரின் விருப்பம். வெட்டுவதுதான் கட்டாயம், தேர்வு அவருடையது. 16-ஆல் வெட்டினால் நாம் விரும்பியபடி வலையில் விழுவார். ஆனால் 15-ஆல் வெட்டினால் 24-இல் இறங்கி, அங்கிருந்து 27-ஐயும் வெட்டி 31-இல் ராஜாவாகிவிடுவார். எதிராளிக்கு எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணாமல் கொடுக்கும் பலி, வெறும் தானம்.

இனி நிஜ ஆட்டத்துக்கு வருவோம். செயற்கையாக அடுக்கிய நிலை இல்லை, பன்னிரண்டு காய்களோடும் தொடங்கி நாலே நகர்த்தலில் வந்து நிற்கும் நிலை. இதன் தொடக்கத்துக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியின் பெயர் வழங்குகிறது. கறுப்பு 1 முதல் 12 வரை, வெள்ளை 21 முதல் 32 வரை. டிராஃப்ட்ஸில் கறுப்புதான் முதலில் ஆடும். எண்களைப் படித்துக்கொண்டே காய்களை நகர்த்துங்கள்.

```
    கறுப்பு    வெள்ளை
1.  11-15     23-19
2.   9-14     22-17
3.   5-9      17-13
4.  14-18     ?
```

கறுப்பின் நாலாவது நகர்த்தலைப் பாருங்கள். நடுவே ஒரு காய் துணிச்சலாக முன்னேறி 18-இல் நிற்கிறது. உடனடியாக அதை வெட்ட வெள்ளையால் முடியாது. 22-உம் 23-உம் காலி, அங்கே வெட்டக் காத்திருக்கும் வெள்ளைக் காயே இல்லை. கறுப்புக்கு எந்த ஆபத்தும் கண்ணில் படவில்லை.

நான் இதுபோன்ற நிலையில் முதலில் காய்களைப் பார்ப்பதில்லை, துளைகளைப் பார்ப்பேன். காய், காலி, காய், காலி என்று எதிராளியின் அணியில் சாய்வாக ஒரு வரிசை ஓடுகிறதா? இங்கே ஓடுகிறது. 18-இல் கறுப்பு, 14 காலி. 9-இல் கறுப்பு, 5 காலி. மூன்றாவது நகர்த்தலில் 5-ஐக் காலி செய்ததும், நாலாவதில் 14-ஐக் காலி செய்ததும் கறுப்பேதான். 23-இல் மட்டும் ஒரு வெள்ளைக் காய் இருந்துவிட்டால், அது 18-ஐத் தாண்டி 14, 9-ஐத் தாண்டி 5 என்று ஓடிவிடும்.

சரி, அப்படியானால் 26-இல் உள்ள காயை 23-க்கு நகர்த்தினால் ஆயிற்றே என்று தோன்றும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் தோன்றியது. அதில் ஒரு பிழை இருக்கிறது. 23-க்கு வந்து நின்றால் அது மிரட்டல் மட்டுமே, கறுப்புக்கு வெட்டும் கட்டாயம் எதுவும் எழவில்லை. 18-இல் உள்ள கறுப்பு 23-ஐ வெட்ட நினைத்தாலும் பின்னால் 27-இல் வெள்ளை நிற்கிறது. ஆக, கறுப்பின் கை கட்டப்படவில்லை. அது சாவகாசமாக 9-இலிருந்து 14-க்கு நகர்ந்து துளையை அடைத்துவிடும். மிரட்டினால் எதிராளிக்கு ஒரு நகர்த்தல் கிடைக்கிறது. பலி கொடுத்தால் அந்த நகர்த்தலையும் நாமே செலவழிக்கிறோம். டிராஃப்ட்ஸில் நேரம் என்பது இதுதான்.

ஆகவே வெள்ளை இப்படி ஆடுகிறது. முதலில் 19-இலிருந்து 16. இது 12-இல் உள்ள கறுப்புக்கு முன்னால் நீட்டிய காய். கறுப்பு வெட்டியாக வேண்டும், வெட்டி 19-இல் இறங்குகிறது. அங்கிருந்து மேலும் வெட்ட வழியில்லை, ஏனென்றால் 24-க்குப் பின்னால் 28-இல் வெள்ளை உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைக்கும் 19-ஐத் திருப்பி வெட்ட முடியவில்லை, 15 அடைபட்டிருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வெள்ளை ஒரு காயைச் சும்மா தொலைத்தது போலத்தான் தெரியும்.

இப்போது 26-இலிருந்து 23. அதே நகர்த்தல்தான், ஆனால் இந்த முறை 19-இல் ஒரு கறுப்புக் காய் நிற்கிறது. 26 காலியாகிவிட்டதால் அந்தக் காய் 23-ஐ வெட்டி 26-இல் போய் இறங்கியே ஆக வேண்டும். வேறு எந்தக் கறுப்புக் காய்க்கும் வெட்டு இல்லை. இங்கே 27-இல் வெள்ளைக் காய் இல்லாதிருந்தால் 18-ஆலும் வெட்டலாம் என்ற தேர்வு கறுப்புக்குக் கிடைத்து, வலை கிழிந்திருக்கும்.

இரண்டு காய் போயிற்று. பலகையில் இப்போது கறுப்பு 26, 18, 9 ஆகியவற்றில் நிற்கிறது. அவற்றுக்கு இடையே 23, 14, 5 மூன்றும் காலி. 30-இல் இதுவரை அசையாமல் இருந்த வெள்ளைக் காய் எழுந்து 26-ஐத் தாண்டி 23, அங்கே திரும்பி 18-ஐத் தாண்டி 14, 9-ஐத் தாண்டி 5 என்று போய் நிற்கிறது. ஒரே வீச்சில் மூன்று. 26-ஐ 31-இல் உள்ள காயாலும் வெட்டலாம், ஆனால் அது 22-இல் இறங்கி நின்றுவிடும், ஒன்றோடு சரி. நம் பக்கத்துத் தேர்விலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் பலியின் நோக்கம் இப்போதுதான் புரியும். 16-இல் கொடுத்த காயால் நேரடி லாபம் எதுவும் இல்லை. 12-இல் ஓரமாக நின்ற ஒரு கறுப்புக் காயை 19-க்கு இழுத்தது. இரண்டாவது பலி அதே காயை 19-இலிருந்து 26-க்கு இழுத்தது. இரண்டு பலியும் சேர்ந்து ஒரே காயைப் பலகையின் ஒரு ஓரத்திலிருந்து நம் வாசல்படி வரை நடத்திக்கொண்டு வந்து படிக்கல்லாகப் போட்டன. நடந்தது நாலு நகர்த்தல், நாலையும் தீர்மானித்தது வெள்ளை.

இதோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கணக்கில் வெள்ளைக்குப் பத்து, கறுப்புக்கு ஒன்பது. ஆனால் 5-இல் போய் நிற்கும் வெள்ளைக் காயைப் பாருங்கள். அதற்கு முன்னால் இருக்கும் ஒரே கட்டம் 1. அங்கே கறுப்பு உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில் இருப்பதால் அதை யாரும் வெட்ட முடியாது, ஆனால் 1-இல் உள்ள கறுப்பு நகராத வரை அதனாலும் அசைய முடியாது. 13-இல் உள்ள வெள்ளையோ, 9-க்குப் போனால் 6-இல் உள்ள கறுப்பிடம் வெட்டுப்படும். கூடுதலாகச் சம்பாதித்த காய் சிறையில் இருக்கிறது என்பதால், ஒரு காய் முன்னிலையைப் பத்திரப்படுத்த வெள்ளை இன்னும் உழைக்க வேண்டும். வெட்டின் எண்ணிக்கையோடு, வெட்டி முடித்த காய் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதையும் சேர்த்தே வலையை மதிப்பிட வேண்டும்.

கட்டாய வெட்டை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன விதிமுறை ஒன்று உண்டு. நூறு கட்டப் பலகையில் ஆடும் சர்வதேச டிராஃப்ட்ஸின் விதி அது. அதே விதிகளோடு நம் அறுபத்துநாலு கட்டப் பலகையில் பிரேசிலில் ஆடுகிறார்கள், ஆகவே நம் எண்களை வைத்தே பார்த்துவிடலாம். மூன்று வேறுபாடுகளை மட்டும் மனதில் வையுங்கள். ராஜா சதுரங்கத்து மந்திரியைப் போல எத்தனை கட்டமும் குறுக்காகப் பறக்கும், வெட்டிய காய்க்குப் பின்னால் எந்தக் காலிக் கட்டத்திலும் இறங்கும். சாதாரணக் காய் வெட்டும்போது மட்டும் பின்னாலும் வெட்டலாம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அதிகக் காய்கள் கிடைக்கும் வழியைத்தான் எடுக்க வேண்டும். தேர்வு என்ற அந்தக் கடைசி ஜன்னலும் பெரும்பாலும் மூடிவிடுகிறது.

வெள்ளைக் காய்கள் 18, 19, 20, 26, 27. கறுப்புக்கு 4-இல் ஒரே ஒரு ராஜா. வெள்ளை 18-இலிருந்து 15-க்கு நகர்கிறது.

ராஜா 4-இலிருந்து பறந்து 15-ஐ வெட்டுகிறது. அதற்குப் பின்னால் 18, 22, 25, 29 எல்லாம் காலி. அதிகம் வெட்ட வேண்டும் என்பதால் 22-இல் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கிருந்து 26-ஐ வெட்டி 31. அங்கிருந்து 27-ஐ வெட்டி 24. மூன்று காய் போயிற்று. 24-க்குப் பக்கத்தில் 19-இல் இன்னொரு வெள்ளை நிற்கிறது. அதற்கு நேர் பின்னால் 15. அது முதலில் வெட்டுப்பட்ட இடம்தானே, காலிதானே, அதையும் வெட்டிவிடலாமே?

முடியாது. இந்த விதிமுறையில் வெட்டுப்பட்ட காய்களை வெட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். 15-இல் செத்த காய் இன்னும் படுத்துக்கிடக்கிறது. செத்த காயை இரண்டாம் முறை தாண்டவும் கூடாது. ஆக 19-க்குப் பின்னால் வழி அடைபட்டிருக்கிறது. ராஜா 24-இல் நின்றுவிடுகிறது. இப்போது மூன்று பிணங்களையும் எடுக்கிறார்கள், பலகை வெளிச்சமாகிறது. 19-இல் உள்ள வெள்ளை பின்னால் குதித்து, 24-ஐத் தாண்டி 28-இல் இறங்குகிறது. கறுப்புக்குக் காயே இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதைத் ‘துருக்கி அடி’ என்ற பொருளில் அழைக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது நான் பலகையை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டுத்தான் வந்தேன். கொடுத்த காய், செத்த பிறகும் ஒரு நிமிடம் பலகையில் கிடந்து, தன் பக்கத்துக் காயைக் காப்பாற்றுகிறது.

அக்கா மகள் இதையும் பார்த்தாள். அவளுக்கு 20-இல் உள்ள காய் பிடிக்கவில்லை. “மாமா, இது எதுக்கு? இது எதுவுமே பண்ணலயே.” எடுத்துவிட்டு ஆடச் சொன்னேன். 15, 26 வெட்டியாயிற்று. 31-இலிருந்து 27-ஐத் தாண்டியவள், பொத்தானை 24-இல் வைக்கப் போய், கையைக் காற்றில் நிறுத்தினாள். பிறகு ஒரு கட்டம் தள்ளி 20-இல் வைத்தாள். ராஜா தப்பிவிட்டது. பலகையில் மிச்சம் ஒரே ஒரு வெள்ளை.